திரையில் வரும் எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும்

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் அழைப்பு எதுவாக இருந்தாலும் அதைத் துண்டித்துவிட்டு, பற்று அட்டையின் அல்லது கடன் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணை வாடிக்கையாளரே அழைத்து விசாரிக்க வேண்டும் என்ற அறிவுரையை வங்கிகளும் காவல்துறையும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. பெரும்பாலோர் இதை ‘எதற்கும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது’ என்ற அளவில் புரிந்துகொள்கிறார்கள். தொலைபேசி வலையமைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கோ இது ஓர் அடையாளச் சோதனை. அதன் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான், எந்தப் படியை மாற்றிச் செய்தால் சோதனை பயனற்றுப் போகும் என்பதும் விளங்கும்.

ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் இரண்டு எண்கள் பயணம் செய்கின்றன. அழைக்கப்படுபவரின் எண் ஒன்று. அழைப்பவரின் எண் மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே வகைப்பட்டவையாகத் தோன்றினாலும், வலையமைப்பு அவற்றை நடத்தும் விதம் முற்றிலும் வேறானது. தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு எஸ்எஸ்7 என்ற குறிகை முறையை, அதாவது குரலைச் சுமக்காமல் ‘இந்த எண்ணுக்கு இணைப்புக் கொடு’, ‘இணைப்பை விடுவி’ என்பன போன்ற கட்டளைகளை மட்டும் சுமக்கும் தனி மொழியை, 1980ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுத் தரமாக வகுத்து வளர்த்தார்கள். அம்முறையில் ஓர் அழைப்பைத் தொடங்கி வைக்கும் முதற்செய்தியில் அழைக்கப்படுபவரின் எண் கட்டாயமாக இருக்க வேண்டும். அது இல்லாத செய்தியை எந்த நிலையமும் ஏற்காது, ஏற்றாலும் எங்கே அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. அழைப்பவரின் எண்ணோ அதே செய்தியில் விருப்பப் புலமாக, அதாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழைப்பு நடக்கும் என்ற நிலையில், வைக்கப்பட்டுள்ளது.

அஞ்சல் உறையை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். பெறுநர் முகவரியைப் பார்த்துத்தான் அஞ்சல் ஊழியர் கடிதத்தைக் கொண்டு சேர்க்கிறார். அனுப்புநர் முகவரியை அவர் சரிபார்ப்பதில்லை, அங்கே எவரும் எதையும் எழுதிவிட முடியும். தொலைபேசித் திரையில் ஒளிரும் எண் அந்த அனுப்புநர் முகவரியைப் போன்றது. வாடிக்கையாளர் தம் விரலால் அழுத்தும் எண் பெறுநர் முகவரியைப் போன்றது. முன்னது ஒருவர் தம்மைப் பற்றிச் செய்துகொள்ளும் கூற்று. பின்னது இணைப்பு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வலையமைப்புக்கு இடப்படும் கட்டளை. கூற்று பொய்யாக இருந்தாலும் அழைப்பு நடக்கும்; கட்டளை தவறினால் அழைப்பு வேறிடத்துக்குப் போகும் அல்லது நடக்கவே நடக்காது.

பொய்யான எண் உள்ளே நுழைய வழி ஏன் திறந்து வைக்கப்பட்டது என்ற கேள்வி இங்கே எழும். அதற்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. நூறு இணைப்புகள் கொண்ட ஒரு மருத்துவமனையிலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ யார் அழைத்தாலும் அதன் பொது எண் மட்டுமே திரையில் தெரிய வேண்டும் என்று அந்த நிறுவனம் விரும்புவது இயல்பு; ஆகவே நிறுவனத்தின் உள்தொலைபேசிப் பொறியே எந்த எண்ணைக் காட்டுவது என்று சொல்லவும், நிலையம் அதை அப்படியே ஏற்று அனுப்பவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு நாட்டிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய தொலைபேசித் துறைகள் மட்டுமே இருந்து, அவை ஒன்றையொன்று நம்பிய காலத்தில் இதனால் பெருங்கேடு விளையவில்லை. இணையவழித் தொலைபேசி வந்தபின் நிலைமை மாறியது. ஒரு கணினியும் கவனமில்லாத இணைப்பு வழங்குநர் ஒருவரும் கிடைத்தால், அழைப்பவர் எண் என்ற புலத்தில் எந்த இலக்கத்தையும் நிரப்பி உலகின் எந்த மூலைக்கும் அழைப்பை அனுப்ப முடிந்தது. அந்த எண்ணைத் தான் சரிபார்த்ததா இல்லையா என்று குறித்து அனுப்ப நிலையங்களுக்கு ஓர் இடம் உண்டு என்றாலும், அக்குறிப்பு வாடிக்கையாளரின் திரைவரை வந்து சேர்வதில்லை.

கைப்பேசி தன் பங்குக்கு ஒரு குழப்பத்தைக் கூட்டுகிறது. வரும் எண்ணைத் தன் தொடர்புப் பட்டியலில் தேடி, பொருந்தும் பெயர் இருந்தால் எண்ணுக்குப் பதிலாகப் பெயரையே அது காட்டுகிறது. வங்கியின் சேவை எண்ணை வங்கியின் பெயரிலேயே சேமித்து வைத்திருக்கும் முன்னெச்சரிக்கையுள்ள வாடிக்கையாளருக்கு, அதே எண்ணைப் பொய்யாகச் சூடிய அழைப்பு வந்தால், திரையில் வங்கியின் பெயரே பெரிய எழுத்தில் மின்னும். கவனமாக இருந்தவரே கூடுதலாக நம்பிவிடும் விந்தை இது.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. அமெரிக்காவில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தம் இணையவழிப் பகுதிகளில் ஒவ்வொரு அழைப்புக்கும் மின்கையொப்பம் இட்டு, காட்டப்படும் எண்ணைப் பயன்படுத்தும் உரிமை அழைப்பவருக்கு உண்டா என்பதை மூன்று தரங்களில் சான்றளிக்க வேண்டும் என்ற விதி 2021 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே +91 என்று தொடங்கும் உள்நாட்டு எண்ணைக் காட்டும் அழைப்புகளைக் கண்டறிந்து தடுக்கும் அமைப்பை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அத்துறை அறிவித்தது. வங்கிகள் தம் சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது.

இவை யாவும் பயனுள்ளவையே. பத்து இலக்கச் சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வரும் ‘வங்கி அழைப்பை’ உடனே சந்தேகிக்க 1600 வரிசை பெரிதும் உதவுகிறது. ஆயினும் இவற்றின் பயன் ஒரே திசையிலானது என்பதை மறக்கக் கூடாது: வரிசை பொருந்தாவிட்டால் அழைப்பை ஒதுக்கலாம், பொருந்திவிட்டது என்பதற்காக நம்பிவிட இயலாது. ஏனெனில் 1600 என்பதும் அழைப்பவர் எண் என்ற அந்த விருப்பப் புலத்தில் வந்து சேரும் இலக்கமே. வழியிலுள்ள எல்லா நிறுவனங்களும் எல்லா நேரமும் ஒழுங்காகச் சரிபார்க்கின்றனவா என்பதை, அழைப்பைக் கையில் ஏந்தி நிற்கும் வாடிக்கையாளர் அறிய வழியில்லை.

மோசடியாளர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அழைப்பை எடுத்தவர் தயங்கினால், அவர்களே ஒரு சோதனையை முன்மொழிவார்கள்: ‘உங்க கார்டைத் திருப்பிப் பாருங்க மேடம், பின்னாடி இருக்கிற நம்பரும் இப்ப உங்க ஸ்க்ரீன்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கா?’ அட்டை எடுக்கப்படுகிறது, எண் ஒப்பிடப்படுகிறது, இலக்கத்துக்கு இலக்கம் பொருந்துகிறது. வாடிக்கையாளர் தாமே கண்ணால் பார்த்துச் சரிபார்த்ததாக நிறைவடைகிறார். உண்மையில் அவர் சரிபார்த்தது, அழைப்பவர் காட்டிய எண் வங்கியின் எண்ணைப் போல் உள்ளதா என்பதை மட்டுமே. அட்டையிலுள்ள எண்ணை ஒப்பிடுவதும் அட்டையிலுள்ள எண்ணை அழைப்பதும் ஒரே செயல்போல் தோன்றினாலும், முன்னது எதையும் நிறுவுவதில்லை. பின்னது மட்டுமே சோதனை.

அழைப்பவர் சொல்லும் விவரங்களும் இதேபோல் எடையற்றவை. ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பின்தொடரலாம். தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு மாலை ஏழு மணிக்கு ஓர் அழைப்பு வருவதாகக் கொள்ளலாம். பேசுபவர் அவருடைய முழுப்பெயரையும், அட்டை எந்த வங்கியுடையது என்பதையும், அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களையும் கடைசி நான்கு இலக்கங்களையும் தடையின்றிச் சொல்கிறார். இவ்வளவும் தெரிந்தவர் வங்கியைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் முதல் ஆறு இலக்கங்கள் வங்கியையும் அட்டை வகையையும் குறிப்பவை. ஒரே வகை அட்டையை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கும் அவை ஒன்றே. கடைசி நான்கு இலக்கங்களோ ரசீதுகளிலும் குறுஞ்செய்திகளிலும் அச்சாகின்றன. 2022 அக்டோபர் முதல் இணைய விற்பனைத் தளங்கள் அட்டையின் முழு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடைசெய்தபோதும், கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தது; ஆகவே எங்கேனும் ஒரு கடையின் தரவு கசிந்தால் வெளியே வருவதும் இந்த இரண்டுமே.

பேசுபவர் அடுத்து, அந்த அட்டையிலிருந்து வேற்றூரில் ₹49,999க்கு ஒரு கொள்முதல் முயற்சி நடப்பதாகவும், உடனே நிறுத்தாவிட்டால் பணம் போய்விடும் என்றும் சொல்கிறார். அதை நிறுத்துவதற்காக எனச் சொல்லி அட்டையின் நடு இலக்கங்களையும், காலாவதித் தேதியையும், பின்புற மூன்று இலக்கங்களையும் கேட்டு வாங்குகிறார். அதே நொடியில் அவருடைய கூட்டாளி அவ்விவரங்களை ஓர் உண்மையான விற்பனைத் தளத்தில் நிரப்புகிறார். வங்கியின் கணினி தன் வழக்கப்படி ஒருமுறைக் கடவுச்சொல்லை, அதாவது ஓடிபியை, ஆசிரியையின் கைப்பேசிக்கு அனுப்புகிறது. ‘இப்ப எங்க பேங்க்லருந்து உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும் பாருங்க’ என்று பேசுபவர் சொல்லி வாய்மூடுவதற்குள் அந்தச் செய்தி வந்து சேர்கிறது. அது போலிச் செய்தி அன்று. உண்மையிலேயே வங்கி அனுப்பியது. மோசடியாளரின் வார்த்தைக்கு வங்கியே சாட்சி சொல்வதுபோல் அமைந்துவிடும் இந்தக் கணமே முழு நாடகத்தின் உச்சம். செய்தியை நின்று படித்தால், அதில் ₹49,999 என்ற தொகையும் ஒரு கடையின் பெயரும், இந்தச் செலவுக்கு ஒப்புதல் தரவே இக்கடவுச்சொல் என்ற குறிப்பும் இருக்கும். நிறுத்துவதற்கான கடவுச்சொல் என்று ஒன்று கிடையாது. அச்சத்தில் இருப்பவர் ஆறு இலக்கங்களை மட்டுமே பார்க்கிறார்.

இந்த எடுத்துக்காட்டில் ஆசிரியை தொடக்கத்திலேயே, ‘நானே வங்கியைக் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன்’ என்று சொல்லி அழைப்பைத் துண்டித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கைப்பேசியில் ஒரு தரப்பு துண்டித்த உடனேயே விடுவிப்புச் செய்தி வலையமைப்புக்குச் சென்று, இணைப்பு இரு பக்கமும் அற்றுப்போகிறது. அழைத்தவர் தொடர்ந்து காத்திருந்தாலும் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. பிறகு ஆசிரியை அட்டையை எடுத்து, அதில் உள்ள எண்ணை இலக்கம் இலக்கமாக அழுத்துகிறார். அழைப்புப் பட்டியலில் கடைசியாக உள்ள எண்ணை மீண்டும் தட்டுவது இதற்கு ஈடாகாது. காட்டப்பட்ட எண் மெய்யாகவே வங்கியின் எண்ணாக இருந்தால் அந்தத் தட்டலும் வங்கிக்கே செல்லும் என்பது உண்மை. ஆனால் ஓர் இலக்கம் மட்டும் மாறிய, மோசடியாளருக்கே சொந்தமான எண்ணாக அது இருந்தால் அழைப்பு அவரிடமே திரும்பிப் போகும், அந்த ஓர் இலக்க மாற்றத்தைக் கண் எளிதில் தவறவிடும்.

1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண் அழுத்தப்பட்டதும், அது எந்த ஊரிலுள்ள எந்த இணைப்பைக் குறிக்கிறது என்பதை வலையமைப்பு தன் தரவுத்தளத்தில் தேடி எடுத்து, வங்கி பதிவு செய்துள்ள சேவை மையத்துக்கு அழைப்பைச் செலுத்துகிறது. சற்று முன் பேசியவருக்கு இந்தப் பாதையில் இடமே இல்லை. அவர் எந்த எண்ணைக் காட்டினார், என்னென்ன விவரங்கள் சொன்னார், குரல் எவ்வளவு பணிவாக இருந்தது என்பவை எவையும் இந்த அழைப்பின் போக்கை மாற்றுவதில்லை. பாதுகாப்பியலில் இதைத் தனிவழிச் சரிபார்ப்பு என்பார்கள்: ஐயத்துக்குரிய செய்தி வந்த வழியை விட்டு விலகி, அச்செய்தியை அனுப்பியவரால் தொட முடியாத, முன்பே கைவசம் உள்ள வேறொரு வழியில் சென்று கேட்பது. அட்டை வங்கியின் அச்சகத்திலிருந்து உறையிலிடப்பட்டு, அழைப்பு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதிலுள்ள எண்ணை இன்றைய அழைப்பாளர் மாற்றியிருக்க முடியாது என்பதே அதன் மதிப்பு.

சேவை மையத்தில் இணைப்பு கிடைத்தபின் கேட்க வேண்டியவை இரண்டே: கணக்கில் இன்று ஏதேனும் ஐயத்துக்குரிய செலவு முயற்சி பதிவாகியுள்ளதா, வங்கியிலிருந்து இன்று தமக்கு யாரேனும் அழைத்ததாகக் குறிப்பு உள்ளதா. முதல் கேள்வியின் விடையே முக்கியம். இரண்டாவது கேள்விக்கு ‘குறிப்பு இல்லை’ என்ற விடை வந்தால், வேறொரு பிரிவு அழைத்து அது இன்னும் பதிவாகாமலும் இருக்கலாம் என்பதால், அதுமட்டுமே மோசடிக்கு முழுச் சான்றாகாது. எனினும் வாடிக்கையாளர் இழப்பது ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஐயத்துக்குரிய செலவு நடந்திருந்தால் அங்கேயே அட்டையை முடக்கச் சொல்லலாம். உண்மையான வங்கி ஊழியர் எவரும், வாடிக்கையாளர் துண்டித்துவிட்டுத் திரும்ப அழைப்பதை எதிர்க்கக் காரணமில்லை. ‘லைனைக் கட் பண்ணினா பணம் போயிடும்’ என்ற மிரட்டல் வந்தால், அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு தேவையில்லை. அட்டையை முடக்குவது வங்கியின் கணினியில் நடக்கும் செயல், வாடிக்கையாளர் தொலைபேசியைக் காதில் வைத்திருப்பதற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

சோதனை வலுவானது என்றாலும், அதை முறியடிக்கும் வழிகளும் வரலாற்றில் தோன்றியுள்ளன. அவற்றுள் மிக நுட்பமானது பிரிட்டனில் கம்பிவழித் தொலைபேசியைக் கொண்டு நடந்தது. அங்குள்ள பழைய நிலையங்களில், அழைக்கப்பட்டவர் தொலைபேசியை வைத்தாலும் இணைப்பு உடனே அறுபடாது. அழைத்தவர் வைக்கும்வரை, அல்லது ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழியும்வரை, அது உயிரோடு இருக்கும். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எடுத்த அழைப்பை வைத்துவிட்டு மேல்தளக் கருவியில் தொடர்ந்து பேச வசதியாக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. மோசடியாளர் முதியவர் ஒருவரை அழைத்து, ‘எங்களை நம்ப வேண்டாம், அட்டையின் பின்புறமுள்ள எண்ணை நீங்களே அழையுங்கள்’ என்று தாராளமாகச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் வைக்காமல் காத்திருப்பார். முதியவர் வைத்துவிட்டு மீண்டும் எடுக்கும்போது, பதிவு செய்யப்பட்ட முரலொலி காதில் ஒலிக்கும். அவர் எண்ணை அழுத்துவார், மணியொலியும் கேட்கும், வேறொரு குரல் ‘வணக்கம், வங்கி’ என்று எடுக்கும். உண்மையில் புதிய அழைப்பு ஒன்றும் நடக்கவே இல்லை. அழுத்திய எண்கள் திறந்திருந்த பழைய இணைப்பில் வெறும் ஒலிகளாக மோசடியாளரின் காதில் விழுந்தன. இந்தச் சூழ்ச்சி பெருகியபின், 2014ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் அந்த இடைவெளியைச் சில நொடிகளாகக் குறைத்தன. கம்பிவழித் தொலைபேசியில் வந்த அழைப்பைக் கைப்பேசியிலிருந்து சரிபார்ப்பதோ, அதே கருவியிலிருந்து முதலில் குரல் தெரிந்த உறவினர் ஒருவரை அழைத்துப் பார்ப்பதோ இச்சூழ்ச்சியை உடைத்துவிடும்.

அதே பிரிட்டனில் 2021இல் 159 என்ற மூன்றிலக்க எண் தொடங்கப்பட்டது. ஐயத்துக்குரிய அழைப்பைத் துண்டித்துவிட்டு 159ஐ அழைத்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள வங்கிகளுள் அழைப்பவருடைய வங்கிக்கு இணைப்பு கிடைக்கும். அந்த எண்ணிலிருந்து எவருக்கும் அழைப்பு போவதே இல்லை. உள்வரும் எண்ணை நம்ப வைப்பதற்குச் செலவிடும் உழைப்பைவிட, வெளிச்செல்லும் எண்ணை எளிதாக்குவதே அறிவுடைமை என்று கருதுவோருக்கு இது நல்ல முன்மாதிரி. இந்திய வங்கிகளும் இப்படியொரு பொது எண்ணைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது முறியடிப்பு எண்ணைத் தேடும் இடத்தில் நிகழ்கிறது. அட்டை கைவசம் இல்லாதபோது பலர் வங்கியின் பெயரையும் ‘கஸ்டமர் கேர்’ என்ற சொல்லையும் தேடுபொறியில் இட்டு, முதலில் வரும் எண்ணை அழைக்கிறார்கள். விளம்பரமாகவோ, எவரும் திருத்தக்கூடிய வரைபடப் பதிவாகவோ மோசடியாளரின் எண்ணே அங்கே அமர்ந்திருக்கக்கூடும். அப்போது வாடிக்கையாளர் தாமே வலியச் சென்று அவரை அழைத்தவராகிறார். அழைப்பில் பேசியவரே ‘இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லித் தரும் எண்ணும், குறுஞ்செய்தியில் அனுப்பும் எண்ணும் இதே வகையைச் சேர்ந்தவை. அட்டை இல்லையேல் கணக்குப் புத்தகத்தில் அச்சான எண்ணையோ, வங்கியின் செயலிக்குள் உள்ள எண்ணையோ, bank.in என்று முடியும் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து திறந்த வங்கித் தளத்திலுள்ள எண்ணையோ பயன்படுத்தலாம். இம்முடிவொட்டு இந்திய வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுவது.

மூன்றாவது, கைப்பேசியே எதிரியின் கையில் இருக்கும் நிலை. தென் கொரியாவில் பரவி, பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2022இல் விவரித்த ஒரு தீங்குநிரல், வங்கிச் செயலி போல வேடமிட்டுக் கைப்பேசியில் ஏறிக்கொண்டது. வாடிக்கையாளர் வங்கியின் உண்மையான எண்ணை அழைத்தால், அது அந்த அழைப்பைச் சத்தமின்றி அறுத்துவிட்டு, திரையில் வங்கியின் எண்ணையே காட்டியபடி மோசடியாளருடன் இணைத்தது. வலையமைப்பில் பெறுநர் முகவரி சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் அழுத்தப்பட்ட எண் வலையமைப்பைச் சென்றடையவே இல்லை. வாட்ஸ்அப்பில் ‘கேஒய்சி புதுப்பிப்பு’ என்ற பெயரில் வந்த ஏபிகே கோப்பை நிறுவியவரோ, பேசுபவர் சொன்னதற்காகத் திரையைப் பகிரும் செயலியை ஏற்றியவரோ, தம் கைப்பேசியிலிருந்து செய்யும் சரிபார்ப்பை நம்பக் கூடாது. பக்கத்து வீட்டார் கைப்பேசி அவருக்கு அதைவிடப் பாதுகாப்பானது.

அழைப்புத் திசைதிருப்பல் என்பது இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் வேறொரு சூழ்ச்சி. **21* என்று தொடங்கும் குறியீட்டை ஒரு கைப்பேசி எண்ணுடன் சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் அந்த இணைப்புக்கு வரும் அழைப்புகளெல்லாம் அவர்கள் எண்ணுக்குத் திரும்பிவிடும், குரல்வழியே வரும் ஓடிபி உட்பட. இவ்வகைக் குறியீடுகள் வழியான திசைதிருப்பலை நிறுத்திவைக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. திசைதிருப்பல் உள்வரும் அழைப்புகளை மட்டுமே பாதிக்கும் என்பதால், அட்டை எண்ணை அழைக்கும் சோதனை அப்போதும் செல்லும். செல்லாதது ‘வங்கி உங்களைத் திரும்ப அழைக்கும், காத்திருங்கள்’ என்ற ஏற்பாடுதான். வலையமைப்பின் உள்ளே புகுந்து வெளிச்செல்லும் அழைப்பையே திருப்ப முடியும் என்பதும் 2014 இறுதியில் ஹாம்பர்க் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாடு ஒன்றில் விளக்கப்பட்டது. ஆனால் அதற்குத் தொலைபேசி நிறுவனங்களுக்கிடையிலான குறிகை வழிக்குள் நுழைவுரிமை வேண்டும், தெருவுக்கொருவராய்ப் பெருகியுள்ள ஓடிபி மோசடிக்காரரின் கருவி அது அன்று.

ஓடிபியைச் சொல்லிவிட்ட பிறகும் திரும்ப அழைப்பது வீண் அன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் எவ்வளவு இழப்பை ஏற்க வேண்டும் என்பதை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடவுச்சொல்லைப் பகிர்வது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்தபின் நிகழும் இழப்பு வங்கியைச் சேரும். அட்டையிலுள்ள எண்ணுக்குச் செல்லும் அழைப்பு அந்த எல்லைக்கோட்டை இழுக்கும் செயலும் ஆகும் என்பதால், அழைத்த நேரத்தையும் வங்கி தரும் புகார் எண்ணையும் குறித்து வைப்பது நல்லது. பணம் போய்விட்டது உறுதியானால் அடுத்த அழைப்பு 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கு. பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குப் பாயும் முன் அதை நிறுத்திவைக்க முயலும் வழி அது.

அட்டை தொலையும்போது அதன் பின்புறமுள்ள எண்ணும் தொலைந்துவிடும் என்பதால், வாசகர்கள் இன்றே அவ்வெண்ணைப் படித்து வீட்டு நாட்குறிப்பில் எழுதிவைக்கலாம். கைப்பேசியிலும் சேமிக்க விரும்புவோர் வங்கியின் பெயரில் சேமிக்காமல், ‘நாம் அழைக்க மட்டும்’ என்ற பெயரில் சேமிப்பது நல்லது. அந்தப் பெயரில் ஓர் அழைப்பு வந்தால் அதை எடுக்க வேண்டியதில்லை.